ஐந்து மெயிலுக்கும் பதில் இல்லை: ஒரு பாக்கி வசூல் கடிதத்தைத் திருத்தி எழுதிய கதை

கோவையில் அட்டைப்பெட்டி தயாரிக்கும் நிறுவனம் ஒன்றில் நான் வரவு-பாக்கிப் பிரிவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வருட விற்பனை 140 கோடி. ரிசீவபிள்ஸ் டீம் என்று பெயர் இருந்தாலும் ஆட்கள் மூன்றே பேர்: நான், இரண்டு வருட அனுபவமுள்ள ஒரு பெண், பேங்க் என்ட்ரி பார்க்கும் ஒரு தம்பி. 2024 டிசம்பர் முதல் வாரம், எந்தப் பாக்கி எத்தனை நாளாக நிற்கிறது என்று காட்டும் ஏஜிங் ஷீட்டைத் திறந்தபோது சிவப்பில் நின்ற பார்ட்டிகளில் ஒருவர் ஈரோட்டுப் பக்கம் மசாலாப் பொடி தயாரிப்பவர். ஆறு வருடப் பழக்கம், 45 நாள் கடன். சில நாள் முன்னே பின்னே ஆகும், ஆனால் பணம் வந்துவிடும். அவர் ஆகஸ்ட் கடைசியிலிருந்து பணமும் அனுப்பவில்லை, பதிலும் எழுதவில்லை. ஐந்து பில், மொத்தம் 8,46,300 ரூபாய்.

செப்டம்பர் 12, அக்டோபர் 7, அக்டோபர் 28, நவம்பர் 12, நவம்பர் 25 என்று ஐந்து மெயில் போயிருந்தது. ஒன்றுக்கும் பதில் இல்லை. போன் செய்தால் அவருடைய அக்கவுண்டன்ட் எடுப்பதில்லை. எடுத்தாலும் "முதலாளி வெளியூருங்க" என்று வைத்துவிடுவார். ஆறாவது மெயிலை எழுதி வைத்துவிட்டு, அனுப்பலாமா என்று அந்தப் பெண் என்னிடம் வந்து கேட்டாள். ஐந்தாவதையே எடுத்து, தேதியை மட்டும் மாற்றியிருந்தாள். ஆங்கிலத்தில் போன அந்த மெயிலைத் தமிழில் தருகிறேன்.

"பொருள்: இறுதி நினைவூட்டல் – மிக அவசரம் – நிலுவைத் தொகை

ஐயா, பலமுறை நினைவூட்டியும் தங்கள் கணக்கிலுள்ள ரூ. 8,46,300 இன்றுவரை வந்து சேரவில்லை. இதை நிர்வாகம் மிகக் கடுமையாகக் கருதுகிறது. இம்மடல் கண்ட 3 நாட்களுக்குள் முழுத் தொகையையும் 24% வட்டியுடன் செலுத்தத் தவறினால் சப்ளை உடனே நிறுத்தப்படும், எம்.எஸ்.எம்.இ. சட்டப்படியும் என்.சி.எல்.டி.யிலும் நடவடிக்கை எடுக்கப்படும். ஏற்கெனவே செலுத்தியிருந்தால் இம்மடலைப் பொருட்படுத்த வேண்டாம்.

அக்கவுண்ட்ஸ் பிரிவு"

இதை அனுப்ப வேண்டாம் என்றேன். எழுத்து மோசம் என்பதற்காக இல்லை. இந்த மெயில் எதிராளியிடம் ஒரே ஒரு பதிலைத்தான் எதிர்பார்க்கிறது: "பணம் போட்டாச்சு". அந்தப் பதில் கையில் இருந்திருந்தால் அவர் செப்டம்பரிலேயே எழுதியிருப்பார். பணம் போட முடியாதவரும் பில்லில் சண்டை உள்ளவரும் இதற்கு என்ன எழுதுவது? எழுத வழியில்லாததால் சும்மா இருந்துவிடுகிறார்கள். ஐந்து முறை அப்படி இருந்தபின் ஆறாவது முறை வாய் திறப்பது இன்னும் கூச்சம்.

மிரட்டலில் எது நிஜம்?

திருத்தி எழுதும் முன்னால் பழைய மெயிலின் ஒவ்வொரு வரியையும் "இதை நாம் செய்வோமா, செய்ய முடியுமா" என்று இரண்டு பேரும் உட்கார்ந்து கேட்டுப் பார்த்தோம். கொஞ்சம் சங்கடமான ஒரு மணி நேரம் அது.

குறு, சிறு, நடுத்தர நிறுவனங்களுக்கான எம்.எஸ்.எம்.இ. சட்டம் என்ற வரி, நாங்கள் சின்னக் கம்பெனியாக இருந்த காலத்தில் யாரோ டெம்ப்ளேட்டில் போட்டது. 2006ஆம் ஆண்டுச் சட்டத்தில் 45 நாள் கெடுவும், ரிசர்வ் வங்கியின் பேங்க் ரேட்டைப்போல் மூன்று மடங்கு கூட்டு வட்டியும், கவுன்சிலில் மனுப் போடும் வழியும் இருப்பது உண்மைதான். ஆனால் அந்தப் பாதுகாப்பு குறு, சிறு நிறுவனமாக உள்ள சப்ளையருக்குத்தான். நடுத்தர நிறுவனத்துக்குக் கிடையாது. அப்போது சிறு நிறுவனத்துக்கான விற்பனை வரம்பு 50 கோடி. 2025 ஏப்ரலில் அதை 100 கோடியாக உயர்த்தினார்கள். எங்கள் 140 கோடி இரண்டுக்கும் வெளியே. எங்கள் உத்யம் பதிவுச் சான்றிதழிலேயே நடுத்தரம் என்றுதான் இருக்கிறது. எதிராளியின் ஆடிட்டர் அதை ஒரு நிமிடத்தில் கண்டுபிடித்துவிடுவார்.

கம்பெனி திவால் வழக்குகளைப் பார்க்கும் தீர்ப்பாயமான என்.சி.எல்.டி. கதை இன்னும் மோசம். திவால் சட்டத்தில் மனுப் போடக் குறைந்தபட்சம் ஒரு கோடி ரூபாய் பாக்கி இருக்க வேண்டும் என்று 2020 மார்ச்சில் வரம்பை ஏற்றிவிட்டார்கள். நம்மிடம் இருப்பது எட்டரை லட்சம். அதோடு கம்பெனி, எல்.எல்.பி. மேல்தான் அங்கே போக முடியும். இவர் நடத்துவது குடும்பக் கூட்டு வியாபாரம்.

24% வட்டி எங்கள் பில்லின் அடியில் பொடி எழுத்தில் அச்சாகியிருக்கிறது. ஆறு வருடத்தில் ஒரு தடவைகூட அந்த வட்டியைக் கேட்டு டெபிட் நோட் போட்டதில்லை. "சப்ளை நிறுத்தப்படும்" என்ற வரிதான் எனக்குச் சிரிப்பு வரவழைத்தது. லெட்ஜரைப் பார்த்தால் செப்டம்பர் 21க்குப் பிறகு அவர் ஆர்டரே கொடுக்கவில்லை. பத்து வாரமாகச் சாப்பிட வராதவரிடம் சாப்பாட்டை நிறுத்திவிடுவோம் என்கிறோம்.

"இறுதி" என்ற சொல் ஏற்கெனவே மூன்று மெயிலில் போய்விட்டது. இறுதிக்குப் பிறகும் இறுதி வரும் என்பதை அவருக்கு நாங்களே சொல்லிக் கொடுத்திருக்கிறோம்.

கடைசி வரி இருக்கிறதே, "ஏற்கெனவே செலுத்தியிருந்தால் பொருட்படுத்த வேண்டாம்", அது எல்லாக் கம்பெனி மெயிலிலும் இருக்கும். பணிவுக்காகப் போடுவது. ஆனால் படிப்பவருக்கு அது வேறு சேதி சொல்கிறது: இவர்கள் தங்கள் கணக்கைப் பார்க்காமலேயே அனுப்புகிறார்கள், மெஷின் அனுப்புகிற மெயில் இது, நானும் பொருட்படுத்த வேண்டாம்.

ஆக, ஒரு மெயிலில் நான்கு மிரட்டல், நான்கும் பொய். இத்தனைக்கும் நமக்கு நிஜமாகவே பாக்கி இருக்கிறது.

யாரிடம் மட்டும் பேசவில்லை?

பதில் வராத பார்ட்டி என்றதும் எல்லாரையும் ஒரே கூடையில் போடுவது வழக்கம். நான் முதலில் கேட்பது, அவர் உலகத்தோடேயே பேசவில்லையா, நம்மோடு மட்டும் பேசவில்லையா என்பதுதான். இதைக் கண்டுபிடிக்க ஜி.எஸ்.டி. இணையதளம் போதும். பார்ட்டியின் ஜி.எஸ்.டி. எண்ணைப் போட்டால் பதிவு நடப்பில் இருக்கிறதா, நிறுத்தி வைக்கப்பட்டிருக்கிறதா என்பதும், எந்த மாதம் வரை ரிட்டர்ன் போட்டிருக்கிறார் என்பதும் யாருக்கும் தெரியும். இவருடைய பதிவு நடப்பில் இருந்தது. அக்டோபர் வரை ரிட்டர்ன் போயிருந்தது. கடை ஓடுகிறது.

அப்புறம் நம் கட்டடத்துக்குள்ளேயே விசாரிக்க வேண்டும். டெஸ்பாட்ச் அண்ணன் சொன்னார்: "அவங்க பர்ச்சேஸ் பையன் அக்டோபர்ல கூப்பிட்டானுங்களே, அஞ்சு ப்ளை பெட்டியோட டை அளவு கேட்டான். குடுத்தேன்." வேறு பெட்டிக்காரரிடம் ஆர்டர் கொடுக்கத்தான் அளவு கேட்டிருக்கிறார்கள். ஆனால் எனக்கு உறைத்தது வேறு. டெஸ்பாட்சோடு பேசுகிறார்கள், அக்கவுண்ட்ஸோடு மட்டும் பேசவில்லை. இப்படி ஒரு வாசலை மட்டும் சாத்தினால் அதன் பின்னால் பெரும்பாலும் ஒரு மனத்தாங்கல் இருக்கும்.

அந்தப் பார்ட்டியைக் கவனித்த சேல்ஸ் தம்பி செப்டம்பரில் வேலையை விட்டுப் போயிருந்தான். அவனுடைய ஆபீஸ் போன் டிராயரில் கிடந்தது. சார்ஜ் போட்டு வாட்ஸ்அப்பைத் திறந்தோம். ஆகஸ்ட் 30 தேதியில் ஈரோட்டுக் குடோனிலிருந்து ஏழு படங்கள். ஆகஸ்ட் 14 போன லோடில் பெட்டிகளின் மடிப்போரம் ஒட்டு விட்டு, ப்ளை என்கிற அட்டை அடுக்குகள் தனித்தனியாகப் பிரிந்து நிற்கின்றன. கூடவே குடோன் சூப்பர்வைசர் கைப்பட எழுதிய சீட்டு: 9,080இல் 1,640 ரிஜெக்ட். கீழே நம் தம்பியின் பதில்: "சார் கிரெடிட் நோட் போட்ருவாங்க, நான் சொல்லிடறேன்." கிரெடிட் நோட் என்றால் பில் தொகையில் இவ்வளவு கழித்துக்கொள்ளலாம் என்று நாம் கொடுக்கும் சீட்டு. அதைப் போடச் சொல்லி அவன் யாரிடமும் சொல்லவில்லை.

குவாலிட்டி ஆளைக் கூப்பிட்டுக் கேட்டோம். அந்த ஷிப்டில் காய்ச்சிய பசை நீர்த்திருந்ததாக அவருடைய நோட்டிலேயே குறிப்பு இருந்தது. பெட்டி 22 ரூபாய் 50 காசு, வரியோடு. 1,640 பெட்டிக்கு 36,900 ரூபாய்.

இங்கே நிதானம் வேண்டும். புகார் நிஜம் என்று தெரிந்ததும் "ஓ, இதுதான் காரணம், கிரெடிட் நோட் போட்டால் பணம் வந்துவிடும்" என்று எங்கள் பெண் துள்ளினாள். 36,900 ரூபாய் சண்டைக்காக யாரும் எட்டு லட்சத்தை நிறுத்தி வைப்பதில்லை. கையில் பணம் இருந்திருந்தால் அந்த லோடை மட்டும் பிடித்து வைத்துவிட்டு மீதியைப் போட்டிருப்பார். பழைய லெட்ஜரில் 2021இல் ஒருமுறை அப்படிச் செய்தும் இருக்கிறார். இந்தத் தடவை மொத்தமாக நிறுத்தியிருக்கிறார் என்றால் பணமும் இறுக்கம் என்று அர்த்தம். புகார் அவருக்கு நிழல் கொடுத்துக்கொண்டிருக்கிறது. புது மெயில் அந்த நிழலை எடுத்துவிட வேண்டும், அதே கையோடு பண இறுக்கத்தைச் சொல்ல அவருக்கு ஒரு வழியும் வைக்க வேண்டும்.

கிரெடிட் நோட்டை முன்னால் போட்டது

இதற்கு எங்கள் எம்.டி. லேசில் ஒத்துக்கொள்ளவில்லை. "முதல்ல காசு வரட்டும், அப்புறம் கிரெடிட் நோட் குடுப்போம். இருக்கிற ஒரே பிடி அதுதான்" என்றார். சேல்ஸ் ஹெட் இன்னொரு படி மேலே போனார். அந்த மசாலாக்காரர் காசு கொடுத்துச் செய்த, பெட்டி வெட்டும் டையும் அச்சடிக்கும் பிரின்டிங் ஸ்டீரியோவும் எங்கள் ஷெட்டில்தான் இருக்கின்றன, பாக்கி தீரும்வரை தர மாட்டோம் என்று எழுதச் சொன்னார்.

டை அவருடைய சொத்து. அதைப் பிடித்து வைத்தால், இதுவரை பதில் சொல்லக் காரணம் இல்லாதவருக்கு நாமே ஒரு நல்ல காரணம் செய்து கொடுத்த மாதிரி ஆகும். கிரெடிட் நோட் விஷயத்தில் நான் சொன்னது இதுதான்: அந்த 36,900 நம்முடைய பணமே இல்லை. கெட்டுப்போன பெட்டிக்குப் பணம் கேட்டு நிற்கும்வரை 8,46,300 என்ற எண்ணே தப்பு. தப்பான எண்ணை மெயிலில் அனுப்பிக்கொண்டிருக்கிறோம். ஒருநாள் கோர்ட்டுக்குப் போனாலும் எதிர்த்தரப்பு வக்கீல் முதலில் தொடப்போவது அதைத்தான். எம்.டி. கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "சரி, போடுங்க. ஆனா மன்னிப்புக் கடுதாசி மாதிரி எழுதாதீங்க" என்றார். அது சரியான பேச்சு.

டிசம்பர் 3, செவ்வாய்க்கிழமை காலை கிரெடிட் நோட் போட்டோம். அதே காலையில் மெயிலும் போயிற்று. இந்த முறை தமிழில் எழுதினோம். ஆங்கிலக் கடிதம் என்றால் அவர் ஆபீசில் அதை அக்கவுண்டன்ட் படித்து முதலாளிக்கு வாயால் சொல்ல வேண்டும், சொல்லாமலும் விடலாம். முதலாளி நேராகப் படிக்கட்டும் என்று அவருக்கே அனுப்பி, அக்கவுண்டன்டுக்கு நகல் போட்டோம். பழைய மெயிலில் எங்கள் பக்கத்து ஆறு பேருக்கு நகல் போயிருந்தது. கூட்டத்தின் நடுவில் யாரும் "கையில் காசு இல்லை" என்று எழுத மாட்டார்கள். அந்த ஆறு பேரையும் எடுத்துவிட்டோம்.

"பொருள்: ஆகஸ்ட் 14 லோடில் ஒட்டு விட்ட 1,640 பெட்டிக்குக் கிரெடிட் நோட், ஜூலை பில் பற்றி ஒரு கேள்வி

வணக்கம் சார்,

ஆகஸ்ட் 14 லோடில் 1,640 பெட்டி ஒட்டு விட்டுப் போனதை உங்கள் குடோனிலிருந்து ஆகஸ்ட் 30 அன்றே படத்தோடு சொல்லியிருக்கிறார்கள். அது எங்கள் சேல்ஸ் பக்கமே நின்றுவிட்டது, அக்கவுண்ட்ஸுக்கு வரவில்லை. தவறு எங்களுடையது. ரூ. 36,900க்கு இன்று கிரெடிட் நோட் போட்டு இத்துடன் வைத்திருக்கிறேன்.

அது போக எங்கள் கணக்கில் நிற்பது:

ஜூலை 9 – 1,86,400
ஜூலை 27 – 1,72,900
ஆகஸ்ட் 14 – 1,67,400 (கிரெடிட் நோட் கழித்து)
செப்டம்பர் 3 – 1,58,200
செப்டம்பர் 21 – 1,24,500
மொத்தம் – 8,09,400

இதில் வேறு எந்த பில்லில் குறை இருந்தாலும் பில் தேதியை மட்டும் எழுதுங்கள், நான் பார்த்துச் சொல்கிறேன்.

இப்போது எனக்குத் தெரிய வேண்டியது ஒன்றுதான். ஜூலை மாதத்து இரண்டு பில்லும், ரூ. 3,59,300, எப்போது வரும்? கீழே உள்ளதில் ஒரு எண்ணை மட்டும் பதிலாக அனுப்பினால் போதும்.

1 – டிசம்பர் 13க்குள் இரண்டையும் போட்டுவிடுகிறோம்.
2 – ஒரே தடவையில் முடியாது; இவ்வளவு இந்தத் தேதி, மீதி இந்தத் தேதி.
3 – இப்போது தேதி சொல்ல முடியாது, போனில் பேசுவோம்.

ஜூலை 9 பில்லுக்கு ஜனவரி 5 அன்று 180 நாள் ஆகிறது. அதைத் தாண்டினால் அந்த பில்லுக்கு நீங்கள் எடுத்த ஜி.எஸ்.டி. கிரெடிட்டைத் திருப்ப வேண்டி வரும். உங்கள் ஆடிட்டருக்குத் தெரிந்ததுதான். தேதி நெருங்குவதால் எழுதுகிறேன்.

வியாழக்கிழமை காலை 11 மணிக்கு நானே கூப்பிடுகிறேன்."

அடியில் என் பெயரும் என் சொந்த மொபைல் எண்ணும் போட்டேன்.

இதில் நாங்கள் அதிகம் அடித்து அடித்து எழுதியது கேள்வியைத்தான். முதல் வரைவில் "மொத்த பாக்கியும் எப்போது வரும்" என்று இருந்தது. எட்டு லட்சம் என்றால் பண இறுக்கத்தில் இருப்பவர் மெயிலை மூடிவிடுவார். கேள்வியை ஜூலை பில்லுக்குச் சுருக்கியபின் அது பதில் சொல்லக்கூடிய அளவுக்கு வந்தது. மொத்தக் கணக்கு மேலேயே பட்டியலில் இருப்பதால் நாம் எதையும் விட்டுக்கொடுக்கவும் இல்லை.

மூன்றாவது பதிலை எடுத்துவிடச் சொல்லி சேல்ஸ் ஹெட் பிடிவாதம் பிடித்தார். அதைக் கொடுத்தால் எல்லாரும் அதைத்தான் எடுப்பார்கள் என்றார். எடுக்கட்டும். இதுவரை அவர் எடுத்துக்கொண்டிருந்தது நாலாவது, பதிலே எழுதாமல் இருப்பது. அதைவிட மூன்று எவ்வளவோ மேல்.

180 நாள் விஷயம் மிரட்டலா இல்லையா என்று எங்களுக்குள் விவாதம் நடந்தது. ஜி.எஸ்.டி. சட்டத்தில், பில் தேதியிலிருந்து 180 நாளுக்குள் சப்ளையருக்குப் பணம் கொடுக்கவில்லை என்றால், வாங்கியவர் எடுத்த உள்ளீட்டு வரிக் கிரெடிட்டை வட்டியோடு திருப்ப வேண்டும். பிறகு பணம் கொடுத்ததும் அந்தக் கிரெடிட்டை மறுபடி எடுத்துக்கொள்ளலாம், கட்டிய வட்டி மட்டும் போனது போனதுதான். இதை நடத்துவது நாம் இல்லை, சட்டம்; பணம் தந்தால் லாபமும் அவருக்கு. அதனால் வைத்துக்கொண்டோம். ஆனால் கேள்விக்குப் பின்னால் வைத்தோம், வட்டி என்ற சொல்லை எடுத்துவிட்டோம். கேள்விக்கு முன்னால் வந்திருந்தால் மெயில் முழுக்க அதன் வாடைதான் அடித்திருக்கும்.

வந்த பதில்

செவ்வாய், புதன் இரண்டு நாளும் ஒன்றும் வரவில்லை. எங்கள் பெண் புதன் சாயங்காலமே இன்னொரு மெயில் போடலாமா என்றாள். வியாழன் 11 மணி என்று எழுதியிருக்கிறோம், அதுவரை கை வைக்கக் கூடாது என்றேன். எழுதியபடி செய்கிறவர்கள் நாம் என்று காட்ட இதுதான் முதல் சந்தர்ப்பம்.

வியாழன் 11 மணிக்குக் கூப்பிட்டேன். அக்கவுண்டன்ட் இரண்டாவது ரிங்கிலேயே எடுத்தார். "மெயில முதலாளி பாத்துட்டாருங்க சார். சாயந்தரம் எழுதறேன்னு சொல்லச் சொன்னாரு." மாலை ஐந்தேகாலுக்கு வந்தது. மெயிலில் இருந்தது ஒரே ஒரு எழுத்து: 3.

மறுநாள் பேசினோம். முதல் ஐந்து நிமிடம் அவர் பேச, நான் கேட்டுக்கொண்டிருந்தேன். "பெட்டி பிரிஞ்சு போய் எங்க டீலர் திருப்பி அனுப்புனாருங்க. போட்டோ அனுப்பி மூணு மாசமாச்சு, என்ன ஏதுன்னு ஒருத்தரும் கேக்கலீங்க. காசு கேட்டு மெயிலு மட்டும் வந்துட்டே இருக்குது. ஏதோ கோர்ட்டுங்கறீங்க, கேஸுங்கறீங்க." அப்புறம் தானாகவே இறங்கி வந்தார். பொங்கல் ஆர்டருக்கு மிளகாயும் மல்லியும் வாங்கிப் போட்டதில் பணம் சரக்கில் முடங்கிக் கிடக்கிறது, டீலர்களிடமிருந்து ஜனவரிக்கு மேல்தான் திரும்பும் என்றார். டிசம்பர் 13க்கு ஒரு லட்சம், 27க்கு 2,59,300, ஆகஸ்ட் பில் ஜனவரி 20, மீதி இரண்டும் பிப்ரவரியில் என்று அவரே சொன்னார். நான் தேதி எதையும் முன்னால் வைக்கவில்லை. அவர் வாயால் வந்த தேதிக்குத்தான் மதிப்பு.

போனை வைத்த பத்து நிமிடத்தில் நாலு வரி மெயில் போட்டேன்: நீங்கள் சொன்னது இந்தத் தேதிகள், இந்தத் தொகைகள், சரிதானே? "ஆமாங்க, சரி" என்று பதில் வந்தது. எங்கள் வக்கீல் பிறகு இதைப் பார்த்துவிட்டு, கடனை எழுத்தில் ஒப்புக்கொண்டதாக இதைக் காட்டலாம், கேஸ் போடுவதற்கான மூன்று வருடக் கெடு அந்தத் தேதியிலிருந்து புதிதாக எண்ணப்படும் என்றார். ஜூலை பில்லுக்குக் கெடு முடிய இன்னும் எவ்வளவோ காலம் இருந்ததால் எங்களுக்கு அப்போது அது தேவைப்படவில்லை. இரண்டரை வருடப் பாக்கிகளுக்கு இதுவே பெரிய விஷயம்.

டிசம்பர் 13 மாலை ஒரு லட்சம் வந்தது. எந்த பில்லுக்கு என்று குறிப்பில்லை. ஜூலை 9 பில்லில் வைத்து, அப்படி வைத்ததை அன்றே அவருக்கு எழுதினோம். 27இல் வர வேண்டியது 30இல் வந்தது. ஜனவரி 5க்கு முன்னால் ஜூலை முடிந்தது. ஜனவரி 20 தவறியது. ஆனால் 18ஆம் தேதியே "31 ஆயிருங்க" என்று அக்கவுண்டன்ட் மெசேஜ் போட்டார், 31இல் 1,67,400 வந்தது. பிப்ரவரி 14இல் 1,58,200, மார்ச் 6இல் கடைசி 1,24,500.

எல்லாம் சரியாகச் செய்தோம் என்று சொல்ல முடியாது. பட்டியலில் பில் தேதியும் தொகையும் போட்டோமே தவிர அவர்கள் ஆர்டருக்குக் கொடுத்த பி.ஓ. எண்ணைப் போடவில்லை. அக்கவுண்டன்ட் இரண்டு முறை கேட்டார். செப்டம்பர் 3 லோடுக்கு அவர்கள் குடோன் சீல் வைத்த டெலிவரி சலான் நகல் எங்களிடமே இல்லை. லாரிக்காரரைப் பிடித்து வாங்க ஒரு வாரம் போனது. அந்த பில் பிப்ரவரிக்குத் தள்ளிப்போனதில் எங்கள் பங்கும் உண்டு.

அதே மெயில், வேறு பார்ட்டி

டிசம்பரிலேயே இதே அமைப்பில் சேலத்துப் பார்ட்டி ஒருவருக்கு மெயில் போட்டோம். பாக்கி ஐந்தரை லட்சத்துக்குக் கொஞ்சம் மேல். கேள்வி, மூன்று பதில், கூப்பிடும் நேரம் எல்லாம் அதேபோல. ஒன்றும் வரவில்லை. போன் ஸ்விட்ச் ஆஃப். சத்தியமாகச் சொல்கிறேன், ஈரோட்டு வெற்றியின் ஜோரில் நான் ஜி.எஸ்.டி. தளத்தைப் பார்க்காமலே எழுதச் சொல்லிவிட்டேன். பத்து நாள் கழித்துப் பார்த்தால் பதிவு நிறுத்தி வைக்கப்பட்டிருக்கிறது, ஆகஸ்டுக்குப் பிறகு ரிட்டர்னே இல்லை. நேரில் போன சேல்ஸ் ஆள் பூட்டிய ஷட்டரைப் படம் பிடித்து அனுப்பினார். பக்கத்து டீக்கடையில், தீபாவளிக்கு முன்னாலேயே மூடியாச்சு என்றார்களாம்.

அங்கே மெயிலின் நடைக்கு வேலை இல்லை. வக்கீல் நோட்டீஸ் வீட்டு முகவரிக்குப் போனது. அதற்குப் பின்னும் நேராகக் கேஸ் போட்டுவிட முடியாது. மூன்று லட்சத்துக்கு மேற்பட்ட வணிக வழக்கு என்பதால், அவசர உத்தரவு எதுவும் கேட்காத பட்சத்தில், முதலில் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் சமரசத்துக்கு மனுக் கொடுக்க வேண்டும். "3 நாளில் வழக்கு" என்ற பழைய வரி இந்த வகையிலும் பொய்தான். நான் அந்த வேலையை விட்டு வரும்போது சமரச நோட்டீஸ் "ஆள் இல்லை" என்று திரும்பியிருந்தது.

ஏஜிங் ஷீட்டில் இப்போது இரண்டு நெடுவரிசை கூடியிருக்கிறது: ஜி.எஸ்.டி. பதிவு கடைசியாகப் பார்த்த தேதி, புகார் ஏதும் உண்டா என்று சேல்ஸிடம் கேட்ட தேதி. இரண்டும் காலியாக இருந்தால் மூன்றாவது மெயிலை அனுப்ப அந்தப் பெண் விடுவதில்லை. ஈரோட்டுக்காரர் ஏப்ரலில் 3,000 பெட்டிக்கு ஆர்டர் கொடுத்தார். முன்பு கொடுத்ததில் பாதிகூட இல்லை. மீதி அந்தப் புதுப் பெட்டிக்காரரிடமே நின்றுவிட்டது. டையை மட்டும் எங்களிடமே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டார்.